டப்பாவில் இருந்த இரண்டு எண்கள்

பாலக்கோட்டில் இருக்கும் என் தாய்மாமாவுக்கு 71 வயது. 14 ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் இருக்கிறது. காலையும் இரவும் சாப்பிட்டபின் 500 மில்லிகிராம் மெட்ஃபார்மின் மாத்திரை ஒன்று விழுங்குவதைத் தவிர வேறு மருந்து எதுவும் அவர் எடுத்ததில்லை. கடந்த தை மாதத்தில் ஒரு மாலை, தக்காளித் தோட்டத்துக்குத் தண்ணீர் கட்டிவிட்டு வந்து திண்ணையில் உட்கார்ந்தவருக்கு உடம்பெல்லாம் வேர்த்துக் கை நடுங்கியிருக்கிறது. அத்தை பேச்சுக் கொடுத்தபோது குழறிக் குழறிப் பதில் வந்திருக்கிறது. வீட்டிலிருந்த குளுக்கோமீட்டரில் பார்த்தால் 54. சர்க்கரையைக் கரைத்துக் கொடுத்து, பக்கத்திலுள்ள மருத்துவமனைக்குக் கொண்டுபோய், அன்றிரவு அங்கேயே வைத்திருந்து மறுநாள் அழைத்து வந்தார்கள்.

நான் போய்ச் சேர்ந்தபோது மாமா தெளிவாகத்தான் இருந்தார். மருத்துவர் என்னிடம் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "மெட்ஃபார்மின் மட்டும் சாப்பிடுகிறவருக்குச் சர்க்கரை இந்த அளவுக்கு இறங்குவது அரிது. வேறு என்ன சாப்பிடுகிறார்?" அத்தை சமையலறையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்து வந்து வைத்தார்கள். பச்சை மூடி போட்ட வெள்ளைப் பிளாஸ்டிக் டப்பா. 200 கிராம் பொடி. விலை 480 ரூபாய். சந்தையில் வேனை நிறுத்தி மைக்கில் பேசி விற்றவரிடம் வாங்கியது. ஒரு மாதமாகக் காலையில் ஒரு தேக்கரண்டி, இரவில் ஒரு தேக்கரண்டி. சர்க்கரை நன்றாகக் குறைந்ததால் மாமாவுக்கு அதன்மேல் பெரிய நம்பிக்கை.

"ஏங்கண்ணு, கவர்மென்ட் நம்பர் போட்டிருக்குது பாரு. ஒண்ணுக்கு ரெண்டு நம்பர்" என்றார்.

அவர் சொன்னது உண்மைதான், லேபிளில் இரண்டு எண்கள் இருந்தன. ஒன்று உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் சின்னத்துக்குக் கீழே 14 இலக்கங்களில். இன்னொன்று அதற்கடுத்த வரியில், "லைசென்ஸ் எண்" என்று ஆங்கிலத்தில் தொடங்கி, சாய்கோடு போட்டு 20-பி, 21-பி என்று முடிந்தது. அந்த இரண்டு எண்களையும் பின்தொடர்ந்து போன கதையைத்தான் எழுதப் போகிறேன். இதில் பாதி எனக்கு ஏற்கெனவே தெரிந்த வேலை. மறுபாதியை நான் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது.

தெரிந்த பாதி எப்படித் தெரியும் என்று சொல்லிவிடுகிறேன். கிருஷ்ணகிரியை ஒட்டிய ஒரு மாம்பழக்கூழ் ஆலையில் 19 ஆண்டுகள் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் இருந்தேன். பெங்களூரா மாம்பழ வரத்துக் காலத்தில் இரவு பகல் தெரியாது. ஆனால் மற்ற மாதங்களில் என் மேசையில் பாதி வேலை உரிமக் காகிதங்கள்தாம். எங்களிடம் கூழ் வாங்குகிற நிறுவனங்கள் எங்கள் உரிமத்தைச் சரிபார்ப்பார்கள். எங்களுக்குச் சர்க்கரையும் சிட்ரிக் அமிலமும் தருகிறவர்களின் உரிமத்தை நாங்கள் சரிபார்ப்போம். ஆகவே 14 இலக்க எண்ணைப் பார்த்தால் கை தானாகவே அதைத் துண்டு போட்டுவிடும்.

அந்த எண்ணை இடமிருந்து இப்படிப் பிரிக்க வேண்டும். முதல் இலக்கம் 1 என்றால் உரிமம். 2 என்றால் சிறு வியாபாரிகளுக்கான பதிவு. அடுத்த இரண்டு இலக்கங்கள் மாநிலத்தைக் குறிக்கும், தமிழ்நாட்டுக்கு 24. மத்திய உரிமமாக இருந்தால் அந்த இடத்தில் 00 இருக்கும், ஆகவே எண் 100 என்று தொடங்கும். அதற்கடுத்த இரண்டும் எண் வழங்கப்பட்ட ஆண்டு. பிறகு வரும் மூன்றும் வழங்கிய அலுவலகத்தைச் சார்ந்தவை. கடைசி ஆறு வரிசை எண். எண்ணில் 13 இலக்கமோ 15 இலக்கமோ இருந்தால் மேற்கொண்டு பார்க்கவே வேண்டியதில்லை. ஆண்டு இருக்க வேண்டிய இடத்தில் வராத ஆண்டு ஒன்று இருந்தாலும் அப்படியே. ஆனால் ஏமாற்றுகிறவர்கள் இப்போதெல்லாம் எண்ணைக் கற்பனை செய்வதில்லை, உண்மையான ஓர் எண்ணை எடுத்துப் போட்டுக்கொள்கிறார்கள் என்பதால், எண்ணின் அமைப்பு சரியாக இருப்பதை வைத்து எந்த முடிவுக்கும் வரக் கூடாது.

மாமாவின் டப்பாவில் இருந்த எண் 2 என்று தொடங்கி, 24 என்று தொடர்ந்து, 21 என்று போனது. அதாவது, தமிழ்நாட்டில் 2021-ஆம் ஆண்டில் கொடுக்கப்பட்ட ஒரு பதிவு. பதிவு என்பதாலேயே அதைத் தாழ்வாக நினைக்க வேண்டியதில்லை. வீட்டில் முறுக்கு சுட்டு விற்பவரும் தள்ளுவண்டி வைத்திருப்பவரும் வைத்திருப்பது அதைத்தான். ஆனால் "தென்னிந்தியா முழுதும் விற்பனை" என்று லேபிளில் அச்சிட்டிருக்கும் ஒரு நிறுவனம் சிறு வியாபாரிக்கான பதிவில் ஓடுகிறது என்றால் அங்கே முதல் சந்தேகம் வர வேண்டும்.

அத்தை வீட்டுத் திண்ணையிலேயே உட்கார்ந்து கைப்பேசியில் foscos.fssai.gov.in என்ற தளத்தைத் திறந்தேன். 2020-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் பழைய தளத்துக்கு மாற்றாக வந்தது இது. முதலில் மாறிய மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று என்பதால் எங்கள் ஆலையில் அந்தக் கோடையில் பட்ட பாடு நினைவிருக்கிறது. முகப்பிலேயே FBO Search என்று ஒரு பகுதி இருக்கிறது. கணக்கு எதுவும் தொடங்க வேண்டாம். எண்ணை இட்டு, படத்தில் தெரியும் எழுத்துகளைத் தட்டித் தேடினால் போதும். நிறுவனத்தின் பெயர், வளாகத்தின் முகவரி, உரிம வகை, நிலை ஆகியவை ஒரே வரியில் வரும். அந்த வரியிலேயே அவர்களுக்கு அனுமதிக்கப்பட்ட பொருள்களைப் பார்க்க ஓர் இணைப்பும் இருக்கும்.

நிலை என்ற இடத்தில் Active என்று பச்சையாக வந்தது. மாமா எட்டிப் பார்த்து, "பாத்தியா?" என்றார்.

பெரும்பாலானவர்கள் தேடலை அங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். நான் அதே வரியின் மற்ற இடங்களைப் பார்த்தேன். பெயர் ஒரு தனிநபரின் பெயர். டப்பாவில் இருந்த நிறுவனத்தின் பெயருக்கும் அதற்கும் ஒரு தொடர்பும் இல்லை. முகவரி வேறொரு மாவட்டத்தில் ஒரு பேருந்து நிலையத்துக்கு அருகிலுள்ள கடை. டப்பாவில் இருந்ததோ ஓசூர் முகவரி. தொழில் வகை சில்லறை விற்பனை. பொருள் பட்டியலில் இருந்தவை தின்பண்டங்களும் குளிர்பானங்களும். யாரோ ஒரு பெட்டிக்கடைக்காரரின் எண்ணை, அவருக்குத் தெரிந்தோ தெரியாமலோ, இந்த டப்பாவில் ஒட்டியிருக்கிறார்கள். எண் உயிரோடு இருக்கிறது. ஆனால் அது இந்தப் பொடியின் எண் இல்லை.

உணவு உரிமத்தில் எல்லோரும் தவறவிடும் இடம் இந்த முகவரிதான். உரிமம் நிறுவனத்துக்கு வழங்கப்படுவதாக நாம் நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் அது குறிப்பிட்ட ஒரு வளாகத்தில் குறிப்பிட்ட ஒரு தொழிலைச் செய்வதற்கு வழங்கப்படுகிறது. எங்கள் ஆலைக்கு ஓர் உரிமம்; அதே முதலாளியின் குளிர்பதனக் கிடங்கு நான்கு கிலோமீட்டர் தள்ளி இருந்தது, அதற்குத் தனி உரிமம். ஒரு முறை கிடங்கின் எண் அச்சிட்ட விலைப்பட்டியலோடு ஆலையிலிருந்து சரக்கு போய்விட்டது. வாங்குகிற நிறுவனத்துப் பெண் தொலைபேசியில், "மேடம், இந்த எண்ணுக்குக் கூழ் தயாரிக்க அனுமதி இல்லையே, சேமித்து வைக்கத்தானே இருக்கிறது" என்று கேட்டபோது எனக்குக் கூச்சமாகப் போயிற்று. ஆனால் அவர் தன் வேலையைச் சரியாகச் செய்தார். எண்ணைத் தேடுவது பாதி வேலை. பெயர், முகவரி, தொழில் வகை, பொருள் ஆகிய நான்கும் கையிலிருக்கும் பொட்டலத்தோடு பொருந்துகின்றனவா என்று பார்ப்பதுதான் மறுபாதி.

விற்பவர் வேறு, தயாரிப்பவர் வேறாகவும் இருக்கலாம், அது குற்றமில்லை. பெரிய பெயர்கள் பலவும் வேறொருவரின் ஆலையில் செய்து வாங்கித் தங்கள் பெயரில் விற்கின்றன. அப்போது லேபிளில் யார் தயாரித்தது, யார் சந்தைப்படுத்துவது என்று இரண்டு முகவரிகள் இருக்கும். தயாரித்த இடத்தின் உரிம எண்ணும் இருக்க வேண்டும். மாமாவின் டப்பாவில் "சந்தைப்படுத்துபவர்" என்ற ஒரு முகவரி மட்டுமே இருந்தது. தயாரித்தவர் யார் என்று எங்கும் இல்லை.

சரி, எண் சரியாகவே இருந்திருந்தாலும் இந்தப் பொடிக்கு அது போதுமா என்பது அடுத்த கேள்வி. டப்பாவின் பின்பக்கத்தில் தமிழில் இப்படி அச்சிட்டிருந்தார்கள்: "48 நாளில் சர்க்கரை நோயை வேரோடு நீக்கும். மாத்திரை தேவையில்லை." உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் விற்கப்படும் ஒரு பொருள், ஒரு நோயைத் தடுக்கும், தீர்க்கும், குணப்படுத்தும் என்று லேபிளில் சொல்லக் கூடாது. ஊட்டச்சத்துத் துணைப்பொருளாக விற்றால் "மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல" என்ற வாசகமே அதில் இருந்தாக வேண்டும். நோயைக் குணப்படுத்தும் என்று சொன்ன அந்த நொடியில் அது உணவு என்ற வீட்டை விட்டு வெளியேறி, மருந்து என்ற வீட்டுக்குள் வந்துவிடுகிறது. அங்கே உணவு உரிமம் செல்லாது, மருந்து தயாரிக்கும் உரிமம்தான் வேண்டும். அதிலும் சர்க்கரை நோய்க்கு ஒரு கூடுதல் தடை இருக்கிறது. 1954-ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாய நிவாரணங்கள் சட்டத்தில், குணப்படுத்துவதாக விளம்பரம் செய்யவே கூடாத நோய்களின் பட்டியல் ஒன்று உண்டு. சர்க்கரை நோய் அதில் இருக்கிறது. முறையான உரிமம் வைத்திருக்கும் மருந்து நிறுவனம்கூட "வேரோடு நீக்கும்" என்று பொதுமக்களுக்கு விளம்பரம் செய்ய முடியாது.

ஆகவே ஒரு பொருளின் எண்ணைப் பார்ப்பதற்கு முன்பே, அது தன்னைப் பற்றி என்ன சொல்லிக்கொள்கிறது என்று பார்ப்பது நல்லது. நோயின் பெயரைச் சொல்லி, உணவு எண்ணை மட்டும் போட்டிருக்கும் டப்பாவைக் கையில் எடுத்தால், தேடிப் பார்க்காமலே திருப்பி வைத்துவிடலாம்.

இனி அந்த இரண்டாவது எண். 20-பி, 21-பி என்பவை எதைக் குறிக்கின்றன என்று எனக்கு அன்று தெரியாது. கிருஷ்ணகிரியில் மருந்துக் கடை நடத்தும் என் பள்ளித் தோழியைக் கூப்பிட்டேன். அவள் சிரித்துவிட்டாள். "என் கடைச் சுவரில் 20, 21 என்று கண்ணாடிச் சட்டத்தில் மாட்டியிருக்கிறேனே, பார்த்ததில்லையா? அது சில்லறை விற்பனைக்கு. பி சேர்ந்தால் மொத்த விற்பனைக்கு. இரண்டுமே விற்கத்தான். செய்ய இல்லை."

அவள் அரை மணி நேரம் சொன்னதில் எனக்குத் தேவைப்பட்டது இவ்வளவுதான். மருந்து உரிமங்கள் 1940-ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் அழகுப் பொருள்கள் சட்டத்தின் கீழும், 1945-ஆம் ஆண்டின் விதிகளின் கீழும் வருகின்றன. ஒவ்வொன்றும் எந்தப் படிவத்தில் வழங்கப்படுகிறதோ அந்தப் படிவத்தின் எண்ணாலேயே அழைக்கப்படுகிறது. சாதாரண ஆங்கில மருந்து மாத்திரைகளைத் தயாரிக்க 25; ஊசி மருந்து போன்ற சில வகைகளுக்கு 28. சித்த, ஆயுர்வேத, யுனானி மருந்தைத் தயாரிக்க 25-டி. சொந்தத் தொழிற்சாலை இல்லாமல், உரிமம் பெற்ற இன்னொருவரின் தொழிற்சாலையில் தன் மருந்தைச் செய்து வாங்குபவருக்குக் கடன் உரிமம் என்று ஒன்று உண்டு. சித்த, ஆயுர்வேத மருந்துகளுக்கு அது 25-இ. மூலிகைப் பொடி ஒன்று மருந்தாக விற்கப்பட்டால் அதன் பின்னால் 25-டி அல்லது 25-இ இருக்க வேண்டும். அங்கே 20-பி, 21-பி நிற்பது, பள்ளிக்கூடச் சான்றிதழ் கேட்ட இடத்தில் ரேஷன் அட்டையை நீட்டுவது போன்றது. அரசாங்கம் கொடுத்ததுதான், கேட்டது அதுவல்ல.

இதில் ஒரு விந்தையும் இருக்கிறது. சித்த, ஆயுர்வேத மருந்துகளை விற்பதற்கு விற்பனை உரிமமே தேவையில்லை, தயாரிப்பதற்குத்தான் தேவை. சந்தையில் வேனை நிறுத்தி அவர் விற்றதை மட்டும் வைத்துச் சட்டம் அவரிடம் உரிமம் கேட்காது. எல்லாப் பாரமும் லேபிளில் இருக்க வேண்டிய அந்தத் தயாரிப்பு உரிம எண்ணின்மேல்தான் இருக்கிறது. அதனால்தான் அதைப் பார்க்கத் தெரிந்திருக்க வேண்டும் என்கிறேன்.

ஒப்பிட்டுப் பார்க்க மாமாவின் மாத்திரை அட்டையையும், அத்தை காய்ச்சலுக்கு வாங்கி வைத்திருந்த நிலவேம்புக் குடிநீர்ச் சூரணப் பொட்டலத்தையும் டப்பாவோடு வரிசையாக வைத்தேன். மாத்திரை அட்டையின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் ஒரு பேட்ச் எண், தயாரித்த மாதம், காலாவதி மாதம், அவற்றோடு தயாரிப்பு உரிம எண். சந்தைப்படுத்தும் நிறுவனம் மும்பையில் இருந்தது; தயாரித்த இடம் இமாசலப் பிரதேசத்தில் பத்தி என்ற ஊர். இந்த வேறுபாட்டை அன்றுதான் கூர்ந்து பார்த்தேன். உரிம எண் மும்பைக்காரருடையது அல்ல, பத்தியில் இருக்கும் தொழிற்சாலையுடையது. அதை வழங்கியது இமாசலப் பிரதேச மாநில அதிகாரி. அதில் ஐயம் வந்தால் சென்னையில் கேட்டுப் பயனில்லை. நிலவேம்புப் பொட்டலத்தில் "சித்த மருந்து" என்ற சொல்லே அச்சாகியிருந்தது. சேர்ந்திருக்கும் ஒன்பது சரக்குகளின் பெயரும் அளவும், பேட்ச் எண், தயாரிப்பு உரிம எண், தயாரித்த இடத்தின் முழு முகவரி எல்லாம் இருந்தன. விதிகள் கேட்பது இவற்றைத்தான். டப்பாவிலோ "அரிய மூலிகைகள்" என்று ஒரே வரி. பேட்ச் எண் இருக்க வேண்டிய கட்டம் வெறுமையாக இருந்தது; அச்சிட்டவர் கட்டத்தைப் போட்டிருக்கிறார், யாரும் நிரப்பவில்லை. ஒரு முத்திரைக்குள் "ஐ.எஸ்.ஓ., ஜி.எம்.பி." என்று தரச் சான்றுகளின் பெயர் எழுதியிருந்தது. அந்த எழுத்துகளை அச்சகத்தில் யார் கேட்டாலும் போட்டுக் கொடுப்பார்கள்.

உணவு எண்ணைப் போல மருந்துத் தயாரிப்பு எண்ணுக்கு நாடு முழுவதும் ஒரே அமைப்பு கிடையாது. ஒவ்வொரு மாநிலமும் தன் வழக்கப்படி எண்ணிடுகிறது. ஆகவே எண்ணைத் துண்டு போட்டு எதையும் கண்டுபிடிக்க முடியாது. அதிகம் விற்கும் 300 ஆங்கில மருந்துப் பெயர்களுக்கு மட்டும் 2023-ஆம் ஆண்டு ஆகஸ்ட் முதல் அட்டையில் கியூஆர் குறியீடு கட்டாயம். அதைக் கைப்பேசியில் படித்தால் தயாரிப்பாளர் பெயர், முகவரி, பேட்ச், தேதிகள், உரிம எண் ஆகியவை வரும், அவற்றை அட்டையில் அச்சிட்டிருப்பதோடு ஒப்பிடலாம். மற்ற மருந்துகளுக்கு உரிமம் வழங்கிய அலுவலகத்தைத்தான் கேட்க வேண்டும். தமிழ்நாட்டில் ஆங்கில மருந்து என்றால் மருந்துக் கட்டுப்பாட்டு இயக்குநரகம்; சித்த, ஆயுர்வேத மருந்து என்றால் சென்னை அரும்பாக்கத்தில் இருக்கும் இந்திய மருத்துவம் மற்றும் ஓமியோபதித் துறை. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு கடிதம் போட்டால் ஒரு மாதம் வீணாகும்.

கேட்பதற்கு முன் விற்றவரிடமே உரிம நகலைக் கேட்கலாம் என்று தோழி சொன்னாள். முறையாகத் தொழில் செய்பவர் நகலைத் தரத் தயங்க மாட்டார். அதோடு அனுமதிக்கப்பட்ட மருந்துகளின் பட்டியலும் இணைந்திருக்கும். பட்டியல் இல்லாத நகலை ஏற்கக் கூடாது என்று அவள் அழுத்திச் சொன்னாள், ஏனெனில் ஒருவருக்கு 25-டி உரிமம் இருப்பதாலேயே அவர் நினைத்த மருந்தையெல்லாம் செய்ய முடியாது. எந்தெந்த மருந்து என்று அந்தப் பட்டியல்தான் சொல்லும். நகலில் பழைய காலாவதித் தேதி இருந்தால் உடனே பயப்படவும் வேண்டாமாம். ஆங்கில மருந்து உரிமங்களுக்கு 2017-லும், சித்த ஆயுர்வேத உரிமங்களுக்கு 2021-லும் விதி மாறி, ஐந்தாண்டுக்கு ஒரு முறை புதுப்பிக்கும் முறை போய்விட்டது. ஆகவே தேதியை விட, ரத்தோ இடைநிறுத்தமோ செய்யப்பட்டிருக்கிறதா என்பதே கேட்க வேண்டியது. அதை நகல் சொல்லாது, அலுவலகம்தான் சொல்லும்.

டப்பாவில் இருந்த கைப்பேசி எண்ணை அழைத்தேன். மரியாதையாகத்தான் பேசினார்கள். உரிம நகல் கேட்டதும், "நாளைக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புகிறோம்" என்றார்கள். மூன்றாம் நாள் அழைத்தபோது எடுக்கவில்லை.

பிறகு தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் ஒரு மனு எழுதினேன். பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லையை ஒட்டி, இந்திய மருத்துவத் துறையின் பொதுத் தகவல் அலுவலருக்குப் பதிவு அஞ்சலில் அனுப்பினேன். இப்படிக் கேட்பவர்கள் பெரும்பாலும் "இந்த நிறுவனம் போலியா?" என்று கேட்டுவிடுகிறார்கள், அது கருத்துக் கேட்பது, அதற்குப் பதில் வராது. பதிவேட்டைப் பார்த்து "ஆம்" அல்லது "இல்லை" என்று எழுதக்கூடியதாகக் கேள்வி இருக்க வேண்டும். நான் நான்கு கேட்டேன். லேபிளில் உள்ள இந்த எண்ணில், இந்தப் பெயரில், இந்த முகவரியில் படிவம் 25-டி அல்லது 25-இ உரிமம் வழங்கப்பட்டுள்ளதா? வழங்கப்பட்டிருந்தால் அது லேபிளில் உள்ள தயாரிப்பு மாதத்தில் நடைமுறையில் இருந்ததா? இந்தப் பெயருள்ள சூரணம் அனுமதிக்கப்பட்ட பட்டியலில் உள்ளதா? இந்த எண் வேறு அலுவலகத்தால் வழங்கப்பட்டது என்றால் சட்டத்தின் 6(3) பிரிவின்படி மனுவின் அந்தப் பகுதியை அங்கே மாற்றி அனுப்ப இயலுமா? லேபிளின் இரண்டு பக்கங்களையும் படமெடுத்து இணைத்தேன்.

அதே நாளில் தர்மபுரியில் உணவுப் பாதுகாப்பு நியமன அலுவலரின் அலுவலகத்திலும் புகார் கொடுத்தேன், பெட்டிக்கடை எண் இப்படிப் பயன்படுத்தப்பட்டிருப்பதற்கான தேடல் முடிவின் படத்தோடு. டப்பாவில் மிச்சமிருந்த பொடியைப் பரிசோதிக்கக் கொடுக்கலாம் என்றுதான் போனேன். திறந்து பாதி சாப்பிட்ட டப்பாவைச் சட்டப்படியான மாதிரியாக எடுத்துக்கொள்ள முடியாது என்று அங்கிருந்தவர் விளக்கினார். பொருளை வாங்கும் எவரும் கட்டணம் செலுத்தி உணவுப் பகுப்பாய்வாளரிடம் சோதித்துக்கொள்ளச் சட்டத்தின் 40-ஆம் பிரிவு இடம் கொடுக்கிறது; ஆனால் சோதனைக்காகத்தான் வாங்குகிறேன் என்று வாங்கும்போதே விற்பவரிடம் தெரிவித்துவிட வேண்டும். சந்தையில் மைக்கோடு நிற்பவரிடம் இதைச் சொல்லி ஒரு டப்பா வாங்குவதைக் கற்பனை செய்து பார்த்துக்கொண்டே பேருந்து ஏறினேன்.

மாமா பொடியை நிறுத்தினார், மாத்திரையைத் தொடர்ந்தார். ஒரு வாரத்தில் வெறும் வயிற்றுச் சர்க்கரை 80-லிருந்து 150-க்கு மேலே ஏறியது. மாமாவின் கணக்கில் இது பொடியின் பெருமை. மருத்துவரின் கணக்கு வேறு. சிறுகுறிஞ்சானோ வெந்தயமோ ஓரளவுக்குக் குறைக்கலாம். ஆனால் வேர்த்து நடுங்கும் அளவுக்கு இறக்கி, நிறுத்தியவுடன் இப்படி ஏறுவது, கிளிபென்கிளமைடு போன்ற சர்க்கரை நோய் மாத்திரையைப் பொடித்துக் கலந்திருப்பார்களோ என்று சந்தேகப்பட வைக்கிறது என்றார். மூலிகைச் சர்க்கரைப் பொடிகளில் இந்தக் கலப்படம் பல இடங்களில் பிடிபட்டிருக்கிறது. அந்த வகை மாத்திரை உடம்பில் நெடுநேரம் தங்கி, ஒரு முறை ஏற்றிவிட்ட சர்க்கரையை மீண்டும் இறக்கும் என்பதால்தான் அன்றிரவு வீட்டுக்கு அனுப்பாமல் வைத்திருந்தார்களாம். மாமாவின் டப்பாவில் அது இருந்ததா என்று சோதனை நடக்கவில்லை. ஆகவே இருந்தது என்று நான் எழுத மாட்டேன். ஆனால் "நல்லா வேலை செய்யுது" என்பதையே நல்ல பொருளுக்கு அடையாளமாக எடுத்துக்கொள்ளும் நம் வழக்கத்தைப் பற்றி அத்தையிடம் நிறையப் பேசினேன்.

உரிமம் உண்மையாக இருந்தால் எல்லாம் சரி என்றும் சொல்லிவிட முடியாது. 2025-ஆம் ஆண்டில், காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான ஓர் இருமல் மருந்தைக் குடித்து மத்தியப் பிரதேசத்தில் குழந்தைகள் இறந்தார்கள். அந்தப் பேட்ச்சில் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நச்சு 48.6 சதவீதம் இருந்ததாகத் தமிழ்நாட்டு ஆய்வகம் கண்டது. அந்தத் தொழிற்சாலைக்குத் தயாரிப்பு உரிமம் இருந்தது, 2011-இல் வழங்கப்பட்டது, இறப்புகளுக்குப் பிறகே ரத்தானது. நான் செய்த சோதனைகள் அத்தனையையும் அந்தப் பாட்டிலுக்குச் செய்திருந்தாலும் அது தேறியிருக்கும். அங்கே உதவக்கூடியது பேட்ச் எண்தான்: எந்தப் பேட்ச்சைக் கடைகளிலிருந்து எடுக்க வேண்டும் என்று எச்சரிக்கை வந்தபோது, பாட்டிலில் அந்த எண்ணைப் பார்க்கத் தெரிந்தவர்களால்தான் தங்கள் கையில் இருப்பது அதுதானா என்று அறிய முடியும். உரிமம் சொல்வது, ஏதாவது நடந்தால் போய்க் கதவைத் தட்ட ஒரு முகவரி இருக்கிறது, அங்கே ஆய்வாளர் நுழைய அதிகாரம் இருக்கிறது என்பதைத்தான். மாமாவின் டப்பாவுக்கு அந்தக் கதவுகூட இல்லை.

26-ஆம் நாள் அரும்பாக்கத்திலிருந்து பதில் வந்தது. ஒரு பக்கம்தான். குறிப்பிட்ட பெயரிலும் முகவரியிலும் படிவம் 25-டி, 25-இ உரிமம் எதுவும் வழங்கப்படவில்லை. இரண்டாம், மூன்றாம் கேள்விகள் எழவில்லை. நான்காவது கேள்விக்காக மனு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைக்கு மாற்றப்பட்டது. அங்கிருந்து மூன்று வாரம் கழித்து இன்னொரு கடிதம்: 20-பி, 21-பி எண் வேறொரு ஊரிலுள்ள மொத்த மருந்து விற்பனைக் கடைக்கு உரியது, டப்பாவில் உள்ள நிறுவனத்துக்கு அல்ல. நியமன அலுவலரின் அலுவலகத்திலிருந்து, ஓசூர் முகவரியில் அப்படி ஒரு நிறுவனம் இயங்கவில்லை என்றும், பெட்டிக்கடைக்காரரிடம் விசாரணை நடப்பதாகவும் தொலைபேசியில் சொன்னார்கள்.

இரண்டு கடிதங்களையும் பாலக்கோட்டுக்கு எடுத்துப்போய் மாமாவிடம் கொடுத்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு முழுவதும் படித்தார். "அப்ப வேன்காரன் மறுபடி வரமாட்டான்" என்றார். பிறகு எழுந்து உள்ளே போய், மேல் பரணிலிருந்து இன்னொரு டப்பாவை எடுத்து வந்து என் முன்னால் வைத்தார். மூடியின் சீல் உடையாமல் இருந்தது. ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்று கொடுத்ததாம். திருப்பிப் பார்த்தேன். அதே லேபிள், அதே எண்கள், பேட்ச் எண்ணுக்கான அதே வெற்றுக் கட்டம். மறுநாள் காலை அதை அப்படியே ஒரு பையில் போட்டு, கடிதங்களின் நகல்களோடு தர்மபுரிக்குப் பேருந்து ஏறினேன். மாமாவும் கூட வந்தார்.